மணிக்கணக்கா, மொத்தத் தொகையா: ஒரு மசாலாப் பவுச் வேலையின் நிகழ்வு ஆய்வு

இது ஈரோட்டில் நடந்தது. வீட்டிலிருந்தபடி தனியாகத் தொழில் தொடங்கிய ஓர் இளம் கிராஃபிக் டிசைனர், தன் முதல் பெரிய வாடிக்கையாளரிடம் அடுத்தடுத்து மூன்று விதமாகக் கூலி பேசினார். மூன்றிலும் அவர் நேரக் குறிப்பு வைத்திருந்தார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. இரண்டாவது வேலை முடிந்த கையோடு அவர் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். இரு தரப்பின் சம்மதத்துடன் பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

## பின்னணி

டிசைனருக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குள். பவுச் அச்சிடும் ஒரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் ஆர்ட்வொர்க் பிரிவில் இருந்தவர். பிறர் செய்த டிசைனை அச்சுக்குத் தயார் செய்வதில் நல்ல பழக்கம். புதிதாக ஒன்றை உருவாக்குவதில் அனுபவம் குறைவு, வாடிக்கையாளரிடம் விலை பேசிய அனுபவம் அறவே இல்லை.

வாடிக்கையாளர், மஞ்சள் தூளும் மசாலாப் பொடிகளும் அரைத்து விற்கும் ஒரு குடும்பத் தொழில். அண்ணன், தம்பி, அண்ணனின் மனைவி என மூவர் நடத்துவது. அதுவரை வெற்றுக் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றவர்கள், அச்சிட்ட பவுச்சுக்கு மாற முடிவெடுத்திருந்தார்கள். மஞ்சள், மிளகாய், மல்லி, சாம்பார், ரசம், கறிமசால் என ஆறு வகை.

மணிக்கு எவ்வளவு கேட்பது என்று டிசைனர் போட்ட கணக்கு எளிமையானது. வீட்டுக்கு மாதம் 20,000 ரூபாய் வேண்டும். மென்பொருள், இணையம், மின்சாரத்துக்கு 5,000. கணினித் தேய்மானத்துக்கும் கைச்சேமிப்புக்கும் 5,000. ஆக மொத்தம் 30,000. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். அதனால் மணிக்கு 150 ரூபாய்.

கூட்டல் வகுத்தல் சரிதான். ஆனால் 200 மணி நேரத்துக்கும் யாராவது காசு கொடுப்பார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆள் பிடிப்பது, கொட்டேஷன் எழுதுவது, கடைக்குப் போய் மாதிரி பார்ப்பது, பாக்கிக்குப் போன் போடுவது என்று தனியாகத் தொழில் செய்பவரின் நேரத்தில் பெரும் பங்கு பில்லில் ஏறாது. அவருடைய முதல் இரண்டு மாதக் குறிப்பில் பில் போடக்கூடிய நேரம் பாதிக்குப் பக்கம்தான் இருந்தது. மாதம் 100 மணி நேரம் என்று வைத்தால் அதே 30,000-க்கு மணிக்கு 300 ரூபாய் வர வேண்டும். இந்த 300 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

## முதல் வேலை: மணிக்கணக்கு

முதலில் வந்தது லோகோ. பழைய பில் புத்தகத்தில் இருந்த சின்ன முத்திரையை எந்த அளவுக்கும் பெரிதாக்கக்கூடிய வெக்டராக வரைய வேண்டும், தமிழ்ப் பெயரைப் புதிதாக எழுத வேண்டும். மணிக்கு 150 ரூபாய், சுமார் 20 மணி நேரம் ஆகும் என்று வாய்மொழியாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆனது 38 மணி நேரம். தமிழ் எழுத்தின் வளைவுகளை ஒரே தடிமனில் கொண்டுவர அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். ‘ழ’வின் கீழ்ச்சுழி மட்டும் ஒரு மாலை முழுவதும் எடுத்தது. பில் எழுதும்போது, "நான் கத்துக்கிட்ட நேரத்துக்கு அவங்ககிட்ட எப்படிக் காசு கேக்கறது" என்று அவரே 7 மணி நேரத்தைக் கழித்துவிட்டு 31-க்கு 4,650 ரூபாய் போட்டார்.

அண்ணன் பில்லைப் பார்த்துக் கேட்டது இது: "ஏம்மா, இருவது மணி நேரம்னு சொன்னீங்க. முப்பத்தொண்ணு போட்டிருக்கீங்க. நாங்க என்ன எதுக்க உக்காந்து பாத்தமா?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் ஆலையில் கூலி ஆள் கண்முன்னே நிற்கிறார், மூட்டை எண்ணிக்கை தெரிகிறது. டிசைனருடைய மணி நேரம் அவர் கண்ணுக்குத் தெரியாது, எப்போது முடியும் என்பதும் அவர் கையில் இல்லை. கடைசியில் 3,500 கொடுத்தார். உண்மையில் செலவான 38 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 92 ரூபாய்.

மணிக்கணக்கு இங்கே இரண்டு பக்கமும் பிசகியது. மெதுவாகச் செய்யும் புதியவருக்கு அதிகக் காசு போகிறதே என்று வாடிக்கையாளருக்குச் சந்தேகம். மெதுவாகச் செய்கிறோமே என்ற கூச்சத்தில் டிசைனரே நேரத்தைக் குறைத்துக் காட்டினார். தொடங்கும் நிலையில் இருப்பவர்கள் பலரிடம் இந்த இரண்டாவது விஷயத்தைப் பார்த்திருக்கிறேன். பில்லில் இருக்கும் மணி நேரம் உண்மையானதாக இல்லாதபோது, மணிக்கணக்கு என்று சொல்வதற்கே பொருள் இல்லை.

## இரண்டாவது வேலை: மொத்தத் தொகை

அடுத்து ஆறு பவுச்சும். இந்த முறை அண்ணனே, "மணிக்கணக்கு வேண்டாம், மொத்தமாப் பேசிக்கலாம்" என்றார். பவுச்சுக்கு 2,500 வீதம் 15,000 ரூபாய் என்று முடிவானது. வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "6 பவுச் டிசைன், 15,000." எத்தனை மாதிரி, எத்தனை முறை திருத்தம், பின்பக்க வாசகத்தை யார் தருவது, எதுவும் அதில் இல்லை.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. இரண்டு மாதிரி காட்டினார், ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாதிரியில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பவுச்சை கிராவூர் முறையில் அச்சிடுவதாக இருந்தது. அதில் ஒவ்வொரு கலருக்கும் தனி சிலிண்டர் செதுக்க வேண்டும், ஒரு சிலிண்டருக்கே சில ஆயிரம் ஆகும். முதலில் போட்ட டிசைனில் 9 கலர் வந்தது. அச்சு அனுபவம் உள்ளவர் என்பதால், பார்டரின் தங்க நிறத்தையும் லோகோவின் தனிச் சிவப்பையும் மற்ற கலர்களின் கலவையிலேயே வருமாறு மாற்றி 7 ஆக்கினார். அதற்கு ஆன நேரம் அரை மணி. ஆறு பவுச்சுக்கும் சேர்த்து வாடிக்கையாளருக்கு 12 சிலிண்டர் மிச்சம். மணிக்கணக்கில் இதற்கு அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது 75 ரூபாய். மணிக்கணக்கின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுவது இதைத்தான். தெரிந்தவர் வேகமாகச் செய்தால் கூலி குறைகிறது, தெரியாதவர் தடுமாறினால் கூடுகிறது.

சிக்கல் பின்பக்கத்தில் தொடங்கியது. உணவுப் பொருள் பவுச்சில் போட வேண்டியவை சட்டப்படி வரையறுக்கப்பட்டவை: உணவுப் பாதுகாப்பு ஆணையமான FSSAI தரும் 14 இலக்க உரிம எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, சேர்மானப் பட்டியல் என்று போகும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். சாம்பார் பொடிக்கு அண்ணன் அனுப்பிய பட்டியலில் மிளகாய் முதலில் இருந்தது. டைப் செய்து, வரி பிரித்து, இடத்தில் உட்காரவைத்த பிறகு அவர் மனைவி பார்த்துவிட்டு, மல்லிதான் அதிகம், பருப்பு மூன்றாவது, நீங்கள் எழுதியது தப்பு என்றார். அரைப்பவர் அவர்தான், அளவு அவருக்குத்தான் தெரியும். இப்படி ஒவ்வொரு பொடிக்கும் வாசகம் துண்டு துண்டாக, சில சமயம் குரல் பதிவாக வந்துகொண்டிருந்தது.

அப்புறம் திருத்தங்கள். அண்ணனுக்கு மிளகாய்த் தூளின் சிவப்பு அடர்த்தியாக வேண்டும், தம்பிக்கு வெளிர் வேண்டும். காலையில் ஒருவர் சொன்னதை மாலையில் மற்றவர் மாற்றினார். பவுச் நிறுவனமும் தன் பங்குக்கு, பக்கவாட்டில் சீல் விழும் பட்டையில் எழுத்து வரக்கூடாது, சின்ன எழுத்தெல்லாம் ஒரே கலரில் இருக்க வேண்டும் என்று ஃபைலைத் திருப்பி அனுப்பியது. சின்ன எழுத்தில் இரண்டு மூன்று கலர் கலந்தால், சிலிண்டர் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்து மங்கிவிடும்.

ஆறு பவுச்சும் முடிந்தபோது மொத்தம் 118 மணி நேரம். 15,000 ரூபாயைப் பங்கிட்டால் மணிக்கு 127 ரூபாய்.

## நேரக் குறிப்பு காட்டியது

சிலிண்டர் செதுக்கக் கொடுக்கும் முன்பே அண்ணன், 200 கிராம், 500 கிராம் அளவிலும் இதே ஆறு வகை வேண்டும் என்றார். ஆக இன்னும் 12 ஆர்ட்வொர்க். அதற்கு என்ன கேட்பது என்றுதான் டிசைனர் என்னிடம் வந்தார். "திரும்ப மணிக்கணக்குக்கே போயிடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

அவர் குறிப்பை வாங்கி, மணி நேரங்களை யாரால் ஆனது என்ற அடிப்படையில் பிரித்தோம். மாதிரி உருவாக்கி, முதல் பவுச்சை முடிக்க 34 மணி நேரம். அதை மற்ற ஐந்துக்கும் விரிக்க 22. பின்பக்க வாசகத்தைச் சேகரித்து அடிக்க 21. வாடிக்கையாளர் திருத்தங்களுக்கு 29. பவுச் நிறுவனத்தின் திருத்தங்களுக்கு 12.

இதில் முதல் இரண்டும் டிசைனரின் கையில் இருந்தவை. 56 மணி நேரம். 15,000-ஐ அந்த 56-க்கு மட்டும் பங்கிட்டால் மணிக்கு 268 ரூபாய் வருகிறது. வேண்டியிருந்த 300-க்கு அது அவ்வளவு தூரமில்லை. அதாவது டிசைன் வேலைக்கு அவர் கேட்ட விலை ஏறக்குறைய சரி. மீதி 62 மணி நேரம் அவருடைய வேகத்தாலோ திறமையாலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பவுச் நிறுவனத்தின் 12 போக, வீட்டில் மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வருவதைப் பொறுத்தது அது.

மணிக்கணக்கா மொத்தத் தொகையா என்ற கேள்வியை முழு வேலைக்கும் சேர்த்துக் கேட்பதால்தான் பதில் கிடைப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. நேரம் கூடினால் அதற்குக் காரணம் யாராக இருப்பார் என்று ஒவ்வொரு பகுதிக்கும் கேட்க வேண்டும். டிசைனரின் வேகத்தைப் பொறுத்த பகுதிக்கு மொத்தத் தொகை. அங்கே தடுமாறினால் நட்டம் அவருடையது, வேகமாக முடித்தால் லாபமும் அவருடையது. வாடிக்கையாளரின் முடிவைப் பொறுத்த பகுதிக்கு, ஓர் எல்லைக்குப் பிறகு மணிக்கணக்கு.

## எடுத்த முடிவு

12 ஆர்ட்வொர்க்குக்கும் விலை சொல்லும் முன், மிளகாய்த் தூள் 200 கிராமை மட்டும் செய்து பார்க்கச் சொன்னேன். வாசகம் அதேதான், பவுச்சின் அளவும் மடிப்புகளும் மட்டும் வேறு. இரண்டரை மணி நேரம் ஆனது. பன்னிரண்டுக்கு 30 மணி நேரம், 300 வீதம் 9,000. எதிர்பாராததுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 10,800. 11,000 என்று கேட்பதாக முடிவு செய்தோம். அனுபவம் இல்லாதவர் தலைக்குள் போடும் மதிப்பீடு எப்போதும் குறைவாகவே இருக்கும். ஒன்றைச் செய்து பார்த்துவிட்டுப் பெருக்குவதுதான் நம்பத்தக்கது.

கொட்டேஷன் ஒரு பக்கத்தில், தமிழில் எழுதினார். அதன் சாரம் இது. 12 ஆர்ட்வொர்க்குக்கு 11,000 ரூபாய், பாதி அட்வான்ஸ், மீதி அச்சு ஃபைல் கொடுக்கும் முன். பின்பக்க வாசகம் ஒரே தாளில், அண்ணன் கையெழுத்துடன் வந்த பிறகே வேலை தொடங்கும். இரண்டு சுற்றுத் திருத்தம் இதில் அடக்கம். பவுச் நிறுவனம் ஒருமுறை சொல்லும் அச்சுத் திருத்தமும் அடக்கம். அதற்கு மேல் எந்த மாற்றமானாலும் மணிக்கு 350, எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி, சரி என்ற பிறகே தொடங்கப்படும்.

கூடுதல் நேரத்துக்கு 300 இல்லாமல் 350 வைத்ததற்குக் காரணம் உண்டு. முடிந்த வேலையைத் திரும்பத் திறப்பதற்கு அடுத்த வேலையைப் பாதியில் நிறுத்த வேண்டும். அந்த இழப்பு மணிக்கணக்கில் தெரியாது.

அண்ணன் படித்துவிட்டு, "மணிக்கணக்கு வேண்டாம்னுதானே மொத்தமாப் பேசினோம், மறுபடி மணி வருதே அம்மிணி" என்றார்.

"நீங்க மாத்தலீன்னா அது வரவே வராதுங்கண்ணா. வாசகத்தை அண்ணிகிட்டக் காட்டிட்டுக் கையெழுத்துப் போட்டீங்கன்னாப் போதும்."

அவர் 9,500 என்று இறக்கப் பார்த்தார். டிசைனர் விலையை மட்டும் குறைக்காமல், ஒரு சுற்றுத் திருத்தத்தை எடுத்துவிட்டால் 10,000-க்குச் செய்யலாம் என்றார். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். எதையும் எடுக்காமல் விலையைக் குறைத்திருந்தால், முதலில் சொன்னது கூட்டிச் சொன்ன விலை என்றுதான் அவர்களுக்குப் பட்டிருக்கும்.

## பின்பு நடந்தது

12 ஆர்ட்வொர்க்கும் 33 மணி நேரத்தில் முடிந்தன. 10,000-ஐப் பங்கிட்டால் மணிக்கு 303 ரூபாய்.

கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு மாற்றம் வந்தது. ஆலை முகவரியில் கதவு எண் பழையது. டிசைனர், "12 பவுச்சிலும் மாற்ற 3 மணி நேரம், 1,050 ரூபாய், ஆரம்பிக்கட்டுங்களா?" என்று அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் சரி என்று பதில் வந்தது. முதல் வேலையில் 31 மணி நேரத்தை நம்ப மறுத்த அதே மனிதர் இந்த 3 மணி நேரத்தைக் கேள்வி கேட்கவில்லை. என்ன வேலை என்று தெரிந்தது, தொகை முன்பே தெரிந்தது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவரிடம் இருந்தது. அதே வாரத்தில் தம்பி கேட்ட இரண்டு மாற்றங்களுக்கும் இப்படியே தொகை சொன்னபோது, அவை வேண்டாம் என்று அவர்களே விட்டுவிட்டார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ‘ஒரு சுற்று’ என்றால் என்ன என்று கொட்டேஷனில் விளக்கவில்லை. திங்கட்கிழமை மூன்று திருத்தம், புதன்கிழமை இரண்டு அனுப்பிவிட்டு, எல்லாம் ஒரே சுற்றுதான் என்றார் தம்பி. டிசைனர் அதை விட்டுக்கொடுத்தார். அந்த நேரமும் 33-க்குள்தான் இருக்கிறது.

பெரிய சறுக்கல் பணத்தில். சிலிண்டர் செதுக்கும் தேதி போய்விடும் என்று பவுச் நிறுவனம் அவசரப்படுத்த, மீதி 5,000 வருவதற்கு முன்பே அச்சு ஃபைலைக் கொடுத்துவிட்டார். அந்தப் பணம் வர ஆறு வாரம் ஆனது. விலையை எந்த முறையில் பேசினாலும் வசூலை அது கவனித்துக்கொள்ளாது. ஃபைல் கையை விட்டுப் போன பிறகு கேட்பவருக்குப் பிடிமானம் இல்லை.

## அடுத்த முறை மாற வேண்டியவை

கொட்டேஷனில் ‘சுற்று’ என்பதற்கு இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறார்: மூவரும் பார்த்து, ஒரே பட்டியலாக, ஒரே முறையில் அனுப்புவதுதான் ஒரு சுற்று. மீதிப் பணம் வரும்வரை பார்வைக்கு மட்டும், குறுக்கே பெயர் பதித்த, குறைந்த தெளிவுள்ள PDF அனுப்புகிறார். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்துகொண்டார். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்துக்கு 45 நாளை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. உள்ளூர் வாடிக்கையாளரிடம் சட்டம் பேசுவது கடைசி வழிதான், இருந்தாலும் பில்லின் அடியில் அந்தப் பதிவு எண் இருப்பது நல்லது.

உரிமை பற்றியும் விலை பேசும்போதே பேசியிருக்க வேண்டும். பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். இந்த மசாலாக் குடும்பத்துக்கு அந்த லோகோ தலைமுறைக்கும் வேண்டியது. மணிக்கணக்கு பில்லில் இதற்கு இடமே வரவில்லை. மொத்தத் தொகையில் ஒரு வரியாகச் சேர்த்து, அதற்குரிய விலையும் வைத்திருக்கலாம்.

முழு மணிக்கணக்கை அவர் கைவிட்டுவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்கு வாரம் இரண்டு மதியம் அவர்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து படங்களைச் சீர்செய்து தருகிறார். எத்தனை படம் வரும், எவ்வளவு திருத்த வேண்டியிருக்கும் என்று அன்று போனால்தான் தெரியும். வேலைக்கு ஒரு முடிவு என்பதே இல்லை, ஆள் கண்முன்னே இருக்கிறார், வேலையை எடுத்துக் கொடுப்பதும் அவர்கள்தான். அங்கே அரை நாளுக்கு 1,500 ரூபாய் என்று நேரக்கணக்கில்தான் வாங்குகிறார், இதுவரை ஒரு பில்லுக்கும் கேள்வி வரவில்லை.

மசாலாக் குடும்பம் இப்போது ஊறுகாய்க்கு லேபிள் கேட்டிருக்கிறது. வாசகத் தாள் கையெழுத்தாகி வந்துவிட்டது, இந்த முறை அண்ணி கையெழுத்துடன். ஒரு லேபிளைச் செய்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வேன் என்று டிசைனர் சொல்லியிருக்கிறார்.